பழைய பாடப்புத்தகம் வாங்கி, படித்து, விற்றால்: ஒரு கல்லூரி ஆண்டின் நிகரச் செலவு

பழையதா வாங்கி, வருஷம் முடிஞ்சதும் வித்துட்டா உண்மையில் எவ்வளவு மிச்சம்?

யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். புதிதாக வாங்கி, படித்து முடித்து, அலமாரியிலேயே விட்டுவிடுபவரோடு ஒப்பிட்டால் மிச்சம் மிகப் பெரியது. அவருடைய செலவில் பாதிக்கும் குறைவாகவே உங்களுக்கு ஆகும். ஆனால் புதிதாக வாங்கியவரும் கடைசியில் விற்கலாமே. அவரோடு ஒப்பிடும்போது மிச்சம் சுருங்கிவிடும். இந்தப் பேச்சில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான்: பழையது வாங்கியவர் விற்கிற பணத்தைக் கழித்துக்கொள்வார்கள், புதிது வாங்கியவருக்கு அந்தக் கழிவைக் கொடுக்கவே மாட்டார்கள்.

ஆகவே நான்கு ஆட்களை வரிசையில் நிறுத்த வேண்டும். புதிது வாங்கி வைத்துக்கொள்பவர், புதிது வாங்கி விற்பவர், பழையது வாங்கி வைத்துக்கொள்பவர், பழையது வாங்கி விற்பவர். ஒவ்வொருவருக்கும் நிகரச் செலவு ஒன்றுதான்: வாங்கிய விலை, அதோடு வாங்கவும் விற்கவும் ஆன சில்லறைச் செலவு, அதிலிருந்து கையில் வந்த விற்பனைப் பணம் கழித்தது. வந்த பணம் என்றுதான் சொல்கிறேன். வரும் என்று நினைத்த பணம் கணக்கில் சேராது.

முழு வருஷத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

முதலாண்டு அறிவியல் மாணவர் ஒருவருக்கு ஆறு புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறின் புது விலையும் சேர்ந்து 1000 அலகு. அலகு என்பதை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம், முக்கியம் விகிதம்தான். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் புத்தகங்களின் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

| புத்தகம் | புது விலை | பழையதாக வாங்கிய விலை | பழையதை விற்ற விலை | புதிதாக வாங்கியதை விற்ற விலை |
|---|---|---|---|---|
| கால்குலஸ் | 220 | 120 | 95 | 115 |
| இயற்பியல் | 240 | 140 | 105 | 125 |
| வேதியியல் | 200 | 110 | 20 | 25 |
| புள்ளியியல் | 140 | 80 | 60 | 70 |
| பொருளியல் | 120 | 110 | 30 | 35 |
| ஆய்வகப் பயிற்சி ஏடு | 80 | 80 | 0 | 0 |
| மொத்தம் | 1000 | 640 | 310 | 370 |

மூன்று வரிகளுக்கு விளக்கம் தேவை. வேதியியலுக்கு ஆண்டின் நடுவில் புதிய பதிப்பு வந்துவிட்டது. அதனால்தான் விற்ற விலை அப்படி விழுந்திருக்கிறது. பொருளியலுக்கு இணையத்தில் வீட்டுப்பாடம் செய்ய ஒரு கடவுக் குறியீடு தேவை. பழைய புத்தகம் 60, குறியீட்டைத் தனியாக வாங்க 50, ஆக 110. ஆய்வக ஏட்டில் எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும், அதைப் பழையதாக வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அதை எல்லோரும் புதிதாகத்தான் வாங்குகிறார்கள்.

சில்லறைச் செலவு: பழைய புத்தகம் ஒன்றைத் தேடிப் போய் வாங்க அல்லது அனுப்பிவைக்கச் சொல்ல 4 அலகு, ஐந்து புத்தகத்துக்கு 20. விற்கும்போது ஒன்றுக்கு 6, ஐந்துக்கு 30.

இப்போது நான்கு பேரும். புதிது வாங்கி வைத்துக்கொண்டவருக்கு 1000. புதிது வாங்கி விற்றவருக்கு 1000-த்தோடு 30 கூட்டி 370 கழிக்க, 660. பழையது வாங்கி வைத்துக்கொண்டவருக்கு 640-ம் 20-ம், அதுவும் 660. பழையது வாங்கி விற்றவருக்கு அந்த 660-ஓடு 30 கூட்டி 310 கழிக்க, 380.

நடுவில் இருக்கும் இரண்டு 660-களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புதிது வாங்கி, விளம்பரம் போட்டு, பேரம் பேசி, ஐந்து புத்தகத்தையும் விற்று முடித்தவரும், பழையது வாங்கிவிட்டு அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காதவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எண்கள் மாறினால் இவை அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஆனாலும் விற்கத் தெரியாதவருக்கும் விற்க நேரமில்லாதவருக்கும் பழையது வாங்குவது ஏன் பொருந்துகிறது என்பது இதில் தெரிகிறது.

நானும் கடைசியில் குறைச்சுத்தானே விக்கணும்? அப்புறம் பழையதுக்கு மட்டும் என்ன சாதகம்?

விலை ஒரே சரிவாக இறங்குவதில்லை. முதல் படி மிக உயரமானது, அடுத்த படிகள் தாழ்வானவை. கால்குலஸ் வரியைப் பாருங்கள். கடையிலிருந்து வெளியே வந்து ஒரு கை மாறியதும் 220 என்பது 120 ஆகிறது. அந்த 100 அலகு முதல் ஆளின் தலையில். அடுத்த கை மாறும்போது 120 என்பது 95 ஆகிறது, இழப்பு 25 மட்டும்.

காரணம் எளிது. புதிது, பழையது என்ற வேறுபாட்டுக்குத்தான் வாங்குபவர் பெரிய தள்ளுபடி கேட்கிறார். ஒருவர் கைபட்டதா இருவர் கைபட்டதா என்பதற்கு அவ்வளவு கேட்பதில்லை. மூலையில் லேசாக மடிந்த புத்தகமும் இன்னும் கொஞ்சம் மடிந்த புத்தகமும் அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்று. பாடத்திட்டத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறவரை, அது எத்தனையாவது கை என்பதைவிட அது வேலைக்கு ஆகுமா என்பதே பெரிது.

நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது இது: விற்கும்போது எவ்வளவு வரும் என்று ஏங்குவதைவிட, வாங்கும்போது எந்தப் படியில் ஏறுகிறோம் என்று பாருங்கள். நிகரச் செலவின் பெரும் பகுதி வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

புதுசு வாங்கறதே மேல்னு சொல்ற நேரம் உண்டா?

உண்டு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு கழித்தல் போதும். வாங்கும்போது பழையதில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கழித்தல். விற்கும்போது பழையதற்கு எவ்வளவு குறைவாக வரும் என்று இன்னொன்று. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருக்கும்வரை பழையதே மேல்.

கால்குலஸில் வாங்கும்போது மிச்சம் 220-ல் 120 போக 100. விற்கும்போது குறைவு 115-ல் 95 போக 20. பழையது 80 அலகு முன்னால் நிற்கிறது. அதே புத்தகம் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் பழையது 205-க்குப் போகிறது என்று வையுங்கள். வாங்கும் மிச்சம் 15, விற்கும் குறைவு 20. இப்போது புதிது 5 அலகு மேல், அதோடு பக்கமெல்லாம் இருக்குமா என்ற கவலையும் இல்லை. புது விலையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத பழைய புத்தகத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது மிச்சமே இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை. புதிது வாங்கினால் நிச்சயம் விற்பீர்கள் என்றால்தான் இந்த 5 அலகு உங்களுடையது. விற்கமாட்டீர்கள் என்றால் 220-க்கும் 205-க்கும் நேரடி ஒப்பீடு, அங்கே பழையதுதான் குறைவு.

எங்க பாடத்துக்கு ஆன்லைன் கோட் கேட்கிறாங்க. பழைய புத்தகத்துல அது வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யாது. அந்தக் குறியீட்டை ஒருமுறை ஒரு கணக்கில் பதிந்துவிட்டால் அடுத்தவருக்குப் பயன்படாது. அட்டைக்குள் ஒட்டியிருக்கும் தாளில் சுரண்டிப் பார்க்கும் பட்டை சுரண்டப்படாமல் இருந்தாலும், அந்தக் குறியீட்டுக்குக் காலக்கெடு முடிந்திருக்கலாம். சில குறியீடுகள் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்.

பொருளியல் வரியை முழுதாகப் போட்டுப் பாருங்கள். பழையதும் குறியீடும் 110, வாங்க 4, விற்க 6, வந்தது 30. நிகரம் 90. புத்தகமும் குறியீடும் சேர்ந்த புதுக் கட்டு 120, விற்க 6, வந்தது 35. நிகரம் 91. ஒரே ஒரு அலகு வித்தியாசம். தனிக் குறியீடு 50-க்குப் பதில் 60 என்றால் பழையது தோற்றுவிடும். குறியீடு தேவைப்படும் பாடங்களில் முதலில் குறியீட்டின் தனி விலையைப் பாருங்கள், புத்தக விலையை அப்புறம் பார்க்கலாம். மதிப்பெண்ணுக்கு அந்த இணைய வீட்டுப்பாடம் உண்மையிலேயே சேர்கிறதா என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. புத்தகப் பட்டியலில் இருக்கும், வகுப்பில் யாரும் தொடாமலே போகும்.

புது எடிஷன் வந்துட்டா விலை விழும்னு சொன்னீங்க. முன்னாடியே கண்டுபிடிக்க வழி உண்டா?

உறுதியாகச் சொல்லும் வழி இல்லை, ஆனால் நன்றாக ஊகிக்கலாம். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பதிப்புரிமை விவரம் இருக்கும். அங்கே முந்தைய பதிப்புகளின் ஆண்டுகளையும் போட்டிருப்பார்கள். மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவந்த புத்தகம், இந்தப் பதிப்பு வந்து மூன்று ஆண்டு ஆகிறது என்றால், நீங்கள் விற்கப் போகும் நேரத்தில் அது பழையதாகிப் போகும் வாய்ப்பு அதிகம். சில பதிப்பகங்கள் அடுத்த ஆண்டைப் பதிப்புரிமை ஆண்டாகப் போடும், அதனால் ஓராண்டு முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தின் தளத்தில் வரவிருக்கும் நூல்கள் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தில் இரண்டை ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய: பதிப்பும் மறு அச்சும் வேறு. கீழே 10 9 8 7 6 5 4 என்று ஒரு எண் வரிசை இருந்தால், அதில் உள்ள மிகச் சிறிய எண் அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். நான்காவது அச்சு என்பதால் உள்ளடக்கம் மாறியதாக அர்த்தம் இல்லை, ஒருவேளை சில பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். அச்சு எண் வேறு என்பதற்காக யாராவது விலை குறைத்துக் கேட்டால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு அறிகுறி சந்தையிலேயே தெரியும். எப்போதும் பத்துப் பிரதிகள் கிடைக்கும் புத்தகம் திடீரென்று ஐம்பது பிரதிகளாகக் குவிகிறது, விலையும் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது என்றால் அடுத்த பதிப்பு பற்றிய செய்தி விற்பவர்களுக்கு எட்டிவிட்டது. வேதியியல் புத்தகத்தை 110 கொடுத்து வாங்கியவர் இதைக் கவனித்திருந்தால் காத்திருந்திருப்பார்.

அப்போ தெரிஞ்சே முந்தின எடிஷனை வாங்கிட்டா?

பலருக்கும் தோன்றாத இந்த வழிதான் சில பாடங்களில் எல்லாவற்றையும்விட மலிவு. புது விலை 200 உள்ள வேதியியலின் முந்தைய பதிப்பு 25-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க 4 சேர்த்து 29. திரும்ப விற்க எதுவும் வராது, போகட்டும். நம் கணக்கில் நடப்புப் பதிப்பைப் பழையதாக வாங்கி விற்றவருக்கு வேதியியல் மட்டும் எவ்வளவு ஆனது? 110-ம் 4-ம் 6-ம் சேர்த்து 20 கழித்தால் 100. விழ வேண்டிய விலை ஏற்கெனவே விழுந்துவிட்ட புத்தகத்தை வாங்கினால், இனி விழ எதுவும் இல்லை.

என்ன தடை என்றால், வீட்டுப்பாடக் கணக்குகள். பாடப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் அத்தியாய இறுதியில் உள்ள கேள்விகளின் எண்ணும் வரிசையும் மாறியிருக்கும். 7.32 செய்யுங்கள் என்று ஆசிரியர் சொல்ல, உங்கள் புத்தகத்தில் அது 7.29 ஆக இருக்கும், அல்லது வேறு எண்களோடு இருக்கும். நூலகத்தில் நடப்புப் பதிப்பு ஒன்று இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை கேள்விகளை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாமல், மதிப்பெண் முழுதும் அந்தக் கேள்விகளில் இருந்தால், இந்த வழி வேண்டாம். வேகமாக மாறும் துறைகளிலும் வேண்டாம். சட்டம், வரி, மருத்துவ வழிகாட்டு நெறிகள் போன்றவற்றில் பழைய பதிப்பு தவறாகவே கற்றுக்கொடுக்கும். கால்குலஸ், இயந்திரவியல், அடிப்படை வேதியியல் ஆகியவற்றில் பயமில்லை.

பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்கணும்?

முதலில் ஐ.எஸ்.பி.என். எண். 2007 முதல் இது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். பாடத்திட்டத்தில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் எண் வேறு, கெட்டி அட்டைக்கும் மெல்லிய அட்டைக்கும்கூட வேறு. குறியீட்டோடு சேர்ந்த கட்டுக்கு ஒரு எண், அதே புத்தகம் தனியாக வந்தால் இன்னொரு எண் இருக்கும். ஆகவே எண் ஒத்துவராவிட்டால் உடனே தவறான புத்தகம் என்று தூக்கிப் போடாதீர்கள். பதிப்பும் ஆசிரியர் பெயரும் ஒன்றா என்று பார்த்து, வித்தியாசம் எதனால் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அட்டையில் ‘ஆசிரியர் பிரதி’ என்றோ ‘விற்பனைக்கு அல்ல’ என்றோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் யோசியுங்கள். படிக்க அது உதவும், ஆனால் பல கடைகளும் தளங்களும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளா. விற்பனை விலையில் பூஜ்யம் போட்டுக் கணக்குப் பார்த்த பிறகும் மலிவாக இருந்தால் வாங்கலாம்.

அடுத்து பக்கங்கள். நான் ஒருமுறை ஒரு பழைய இயற்பியல் புத்தகம் வாங்கினேன். அட்டை பளபளவென்று இருந்தது, முதல் சில பக்கங்களும் கடைசிச் சில பக்கங்களும் சுத்தம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் அலைகள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால் 272-க்குப் பிறகு நேராக 305. புத்தகத்தை 16 அல்லது 32 பக்கம் கொண்ட மடிப்புகளாகத் தைத்தோ ஒட்டியோ கட்டுகிறார்கள். பசை விட்டுப்போனால் ஒரு தாள் மட்டும் உதிராமல் ஒரு மடிப்பே உருவிக்கொண்டு வந்துவிடும். என் புத்தகத்தில் போனது சரியாக 32 பக்கம். விற்பதற்கும் லாயக்கில்லை, பக்கங்களை நண்பரிடம் வாங்கி நகலெடுத்ததும் தனிச் செலவு. அன்றிலிருந்து பக்க எண்களை ஓரத்தில் விரலால் ஓட்டிப் பார்க்காமல் நான் எந்தப் புத்தகத்துக்கும் பணம் கொடுப்பதில்லை. இரண்டு நிமிட வேலைதான்.

புத்தகத்தின் முதுகைப் பிடித்து நடுவில் விரித்துப் பாருங்கள். சடசடவென்று பசை முறியும் ஓசை கேட்டால் உங்கள் கையில் அது ஓராண்டு தாங்காது. தாள்களின் ஓரம் அலை அலையாக இருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது, முகர்ந்தால் பூஞ்சை வாடை வரும். அப்படிப்பட்டதை நீங்கள் வாங்கினாலும் உங்களிடமிருந்து யாரும் வாங்கமாட்டார்கள்.

எப்போ விக்கிறது? யாருகிட்ட விக்கிறது?

தேர்வு முடிந்த வாரம் எல்லோரும் விற்கிறார்கள், அதனால் விலை குறைவு. வகுப்பு தொடங்கும் வாரம் எல்லோரும் வாங்குகிறார்கள், விலை உயர்வு. நடுவில் உள்ள விடுமுறையில் காத்திருக்க முடிந்தால் காத்திருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: அந்த இடைவெளியில் பாடத்திட்டம் மாறினாலோ புதிய பதிப்பு வந்தாலோ நீங்கள் அகப்பட்டுக்கொள்வீர்கள். பதிப்பு வந்து ஓரிரு ஆண்டே ஆன புத்தகத்தோடு காத்திருங்கள். மூன்றாம் ஆண்டில் உள்ள புத்தகத்தைத் தேர்வு முடிந்த கையோடு தள்ளிவிடுங்கள்.

ஆளைப் பொறுத்தவரை, அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கப்போகும் ஜூனியர்தான் முதல் தேர்வு. நடுவில் யாரும் இல்லாததால் இருவருக்கும் நல்லது. கடைக்காரர் தன் வாடகையையும் விற்காமல் தேங்கும் புத்தகங்களையும் சேர்த்துத்தான் விலை சொல்ல முடியும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஆறு புத்தகங்களில் ஐந்தையும் கடையிலேயே போட்டால் கால்குலஸுக்கு 55, இயற்பியலுக்கு 60, புள்ளியியலுக்கு 35, பொருளியலுக்கு 12, வேதியியலுக்கு 5 என்று 167 கிடைக்கும் என்று வைப்போம். விற்கும் செலவு கிடையாது. பழையது வாங்கியவரின் நிகரம் 660-ல் 167 போக 493. ஜூனியருக்கு விற்றிருந்தால் 380. அந்த 113 அலகு ஐந்து புத்தகத்துக்கான அலைச்சலின் கூலி. அதற்கு உங்கள் நேரம் தகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. நீங்கள் புதிதாக வாங்கினீர்களா பழையதாக வாங்கினீர்களா என்பதைக் கடை கேட்பதில்லை. புதிது வாங்கியவருக்கும் அதே 167-தான், அவர் நிகரம் 833. இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் 280-லிருந்து 340 ஆகிவிட்டது. விற்கும் வழி மோசமாக மோசமாக, பழையது வாங்கியவரின் முன்னிலை கூடுகிறது.

விக்காமலே தங்கிட்டா எல்லாம் போச்சா?

போகாது. பழையது வாங்கியவர் ஒரு புத்தகத்தில் பணயம் வைத்திருப்பதே குறைவு. கால்குலஸ் விற்காமல் தங்கினால் அவர் இழப்பு 120, புதிது வாங்கியவருக்கு 220.

முன்கூட்டியே திட்டமிடுவதாக இருந்தால் விற்பனை விலையை முழுதாக எழுதாதீர்கள். நான்கு முறை விற்கப்போனால் மூன்று முறை விற்கும் என்று உங்களுக்குத் தோன்றினால், 95-க்குப் பதில் அதன் முக்கால் பங்கு, சுமார் 71 என்று எழுதுங்கள். அப்போது பழையதன் நிகரம் 49 ஆகிறது. புதிதுக்கும் இதே முக்கால் கணக்கைப் போட்டால் 115 என்பது 86 ஆகும், நிகரம் 134. சில்லறைச் செலவை விட்டுப் பார்த்தால் முன்பு இரண்டுக்கும் 80 இருந்த வித்தியாசம் இப்போது 85.

படிக்கும்போது கோடு போடலாமா?

பென்சிலால் போடுங்கள், மெல்ல. விற்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து அழித்துவிடலாம். ஒளிரும் மை போட்ட பக்கங்கள் விலையைக் கொஞ்சம் குறைக்கும்; பயிற்சிக் கேள்விகளுக்குப் பக்கத்திலேயே பேனாவால் விடை எழுதிவைப்பது அதைவிட அதிகமாகக் குறைக்கும், ஏனென்றால் அடுத்தவர் அந்தக் கேள்வியைத் தானாகப் போட்டுப் பார்க்க முடியாது.

மின்னூலோ வாடகைக்கு எடுக்கறதோ இதைவிட மலிவு இல்லையா?

சில சமயம் மலிவுதான். ஆனால் அவற்றுக்கு விற்பனை விலை கிடையாது, கொடுத்த விலையே நிகரச் செலவு. அச்சுப் புத்தகத்தை வாங்கியவர் விற்கலாம். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் முறையாக அச்சான பிரதிக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மின்னூலில் அப்படி இல்லை. பயன்படுத்திய மின்னூல்களை இணையத்தில் கைமாற்றி விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதே 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் எடுத்த முடிவு. ஆகவே மின்னூல் 70, அச்சு 120 என்று பார்த்ததும் மின்னூலுக்குத் தாவாதீர்கள். 120-ல் வாங்கிய அச்சு 95-க்கு விற்றால் சில்லறைச் செலவு 10-ஐயும் சேர்த்து 35-தான் ஆகிறது.

வாடகையில் பார்க்க வேண்டியது ஒன்று: திரும்பக் கொடுக்கும் நாளைத் தவறவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது.

ஒரு புத்தகத்தை விக்காம வெச்சுக்கணும்னு ஆசை. அதைக் கணக்குல எப்படி எழுதறது?

அந்த நாளில் விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதை அந்தப் புத்தகத்தின் விலையாக எழுதுங்கள். புள்ளியியல் புத்தகத்தை 80-க்கு வாங்கினீர்கள், இன்று 60-க்குப் போகும், விற்கும் செலவு 6. வைத்துக்கொள்வது என்றால் இன்று 54 கொடுத்து அதை மறுபடி வாங்குகிறீர்கள் என்று பொருள். ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று, சும்மாதானே இருக்கிறது என்று நினைக்கும்போதுதான் ஐந்து புத்தகங்களும் பரணில் ஏறுகின்றன.

அடுத்த ஆண்டுப் பாடம் இதன் மேல் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். கால்குலஸின் இரண்டாம் பகுதியும் அதே புத்தகத்தில் இருந்தால், முதலாண்டின் முடிவில் அதை விற்று அடுத்த ஆண்டு மறுபடி வாங்குவது வீண். அப்படிப்பட்ட புத்தகத்தின் நிகரச் செலவை இரண்டு ஆண்டுக்கும் பாதி பாதியாகப் பிரித்து எழுதுங்கள். மற்றவற்றில், இனி திறக்கப்போவதில்லை என்று தெரிந்தும் கைவிட மனமில்லாத ஒன்று இருந்தால், புதிய பதிப்பு வந்து விலை விழுந்துவிட்ட புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலை வைத்துக்கொள்ள 14 அலகுதான் ஆகிறது. இயற்பியலுக்கு 99.